இரண்டு பக்கச் சுருக்கமும் பாலிசியின் உண்மை வரம்பும்

குழு மருத்துவக் காப்பீடு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதும், எச்.ஆர். பிரிவிலிருந்து ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் முழு பாலிசி இருக்காது. அதிலிருந்து எடுத்துத் தொகுத்த ஓரிரு பக்கச் சுருக்கம்தான் இருக்கும்: காப்பீட்டுத் தொகை எவ்வளவு, குடும்பத்தில் யார் யார் சேர்த்தி, எதற்கு உச்சவரம்பு, எது கிடையாது, கிளெய்ம் செய்வது எப்படி. பெரும்பாலான ஊழியர்கள் தங்கள் காப்பீட்டைப் பற்றிப் படிக்கும் ஒரே ஆவணம் இதுதான். மருத்துவமனையில் பில் வரும் நேரத்தில் அவர்கள் நம்பி முடிவெடுப்பதும் இதை வைத்துத்தான். ஆகவே இந்தச் சுருக்கம் எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே வழிதவற வைக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

சுருக்கம் மிக நன்றாக வேலை செய்வது கிளெய்ம் நடைமுறையில். நடைமுறை என்பது வரிசை. வரிசையைச் சுருக்கினால் பொருள் கெடுவதில்லை. முன்பே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் சேர்வதற்கு முன்பே டிபிஏவுக்குத் தகவல், அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல், நெட்வொர்க் மருத்துவமனை இல்லையென்றால் பணம் கட்டிவிட்டுப் பின்னால் கேட்பது, கிளெய்ம் படிவத்தில் ‘ஏ’ பகுதியை ஊழியரும் ‘பி’ பகுதியை மருத்துவமனையும் நிரப்புவது, டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான அசல் பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது. நள்ளிரவில் அப்பாவை அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போகும் ஒருவருக்கு இந்த வரிசை கைபேசியில் இருப்பது பெரிய உதவி.

இங்கேகூட ஒரு வழுக்கல் உண்டு. “டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் ஆவணங்கள் தராவிட்டால் கிளெய்ம் ஏற்கப்படாது” என்று பல சுருக்கங்கள் எழுதிவிடுகின்றன. கெடு பாலிசியில் இருப்பது உண்மை. ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2011ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தவிர்க்க முடியாத தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்கலாம். சுருக்கம் அந்த வழியை விட்டுவிடுவதால், முப்பத்தைந்தாவது நாளில் கேட்கவே முயலாமல் கைவிடுபவர்கள் உருவாகிறார்கள்.

விலக்குகளுக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. குழு பாலிசி ஒரே ஆவணம் போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அச்சிட்ட விதிகள் ஓர் அடுக்கு. இந்த நிறுவனத்துக்கென்று பேசி முடித்த ஷெட்யூல் இரண்டாவது. இடையில் சேர்த்த திருத்தங்களான எண்டார்ஸ்மென்டுகள் மூன்றாவது. பின்னால் வருவது முன்னால் உள்ளதை மாற்றும்.

பொது விதிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு நோய்க்குப் பணம் இல்லை என்று இருக்கும். மகப்பேறு கிடையாது என்றும் இருக்கும். பிடிஎஃப் கோப்பில் Excl18 என்று தேடினால் மகப்பேறு விலக்கு வந்து நிற்கும். ஆனால் குழு பாலிசிகளில் இவற்றையெல்லாம் ஷெட்யூல் தளர்த்தியிருப்பது வழக்கம். மகப்பேறுக்குத் தனி வரம்பு கொடுத்து, காத்திருப்பையும் நீக்கியிருப்பார்கள். பொது விதிகளின் பக்கத்தை மட்டும் பார்த்துச் சுருக்கம் எழுதுபவர், இருக்கும் உரிமையை இல்லை என்று எழுதிவிடுவார். சென்ற ஆண்டுச் சுருக்கத்தையே தேதி மாற்றி அனுப்புபவர், நீக்கப்பட்ட உரிமையை இருப்பதாக எழுதுவார். இரண்டாவது பிழை கூடுதல் ஆபத்தானது; அது தெரியவருவது பணம் மறுக்கப்படும் அன்றுதான். சரியான முறை எண்டார்ஸ்மென்டில் தொடங்கி ஷெட்யூல் வழியாகப் பொது விதிகளுக்குப் பின்னோக்கிப் படிப்பது.

மிகப் பெரிய குறை உச்சவரம்புகளில் இருக்கிறது. சுருக்கம் ஒவ்வொரு வரம்பையும் தனித்தனி வரியாக எழுதுகிறது. பாலிசியிலோ ஒரு வரம்பு இன்னொன்றைப் பிடித்து இழுக்கிறது. அறை வாடகை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஓர் ஊழியரின் காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் “அறை வாடகை: நாளொன்றுக்கு ரூ.3,000 வரை” என்று ஒரே வரி. அவர் ரூ.5,000 அறையில் நான்கு நாள் தங்கி அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார். பில்லில் அறைக்கு ரூ.20,000, மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு எல்லாம் சேர்த்து ரூ.80,000, மருந்துகளுக்கு ரூ.30,000, பரிசோதனைகளுக்கு ரூ.10,000. மொத்தம் ரூ.1,40,000. சுருக்கத்தைப் படித்தவர் போடும் கணக்கு எளிது: நாளுக்கு ரூ.2,000 அதிகம், நான்கு நாளுக்கு ரூ.8,000 கையிலிருந்து போகும், அவ்வளவுதான்.

காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு அப்படியில்லை. 5,000க்கு 3,000 என்றால் 60 சதவீதம். விகிதாசாரக் கழிவு விதி பாலிசியில் இருந்தால், அறை மட்டுமின்றி மருத்துவர், அரங்குக் கட்டணங்களுக்கும் 60 சதவீதமே கிடைக்கும். அறைக்கு ரூ.12,000, மருத்துவர் பகுதிக்கு ரூ.48,000. பரிசோதனைக்கு முழுதாக ரூ.10,000. மருந்துப் பில்லில் கையுறை போன்ற, பணம் தரப்படாத பொருட்கள் ரூ.4,000 என்றால் மீதி ரூ.26,000. ஆக மொத்தம் ரூ.96,000 வரும், ஊழியர் கட்ட வேண்டியது ரூ.44,000. எட்டாயிரம் என்று நினைத்திருந்தவருக்கு இது பேரிடி.

இந்தக் கழிவுக்கும் எல்லைகள் உண்டு. மருந்துகள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரம் போடக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வகுத்தன. அறையின் தரத்துக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளிலும் போடக் கூடாது. இந்த விதியை அறிந்தவர் தவறான கழிவை எதிர்த்துக் கேட்கலாம். ஒற்றை வரிச் சுருக்கம் இழப்பையும் மறைக்கிறது, தற்காப்பையும் மறைக்கிறது. அந்த ரூ.3,000க்குள் செவிலியர் கட்டணமும் அடக்கமா என்பதும் பல சுருக்கங்களில் இருப்பதில்லை. அடக்கம் என்றால், ரூ.2,800 அறையே வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

இதற்காகச் சுருக்கமே வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது. பல பக்கங்கள் நீளும் பாலிசியை ஊழியர்கள் அனைவரும் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஐஆர்டிஏஐயே 2024 ஜனவரி 1 முதல் திருத்திய வாடிக்கையாளர் தகவல் தாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் படிவத்தில் எச்.ஆர். சுருக்கங்களில் பெரும்பாலும் காணப்படாத ஒரு பத்தி இருக்கிறது: ஒவ்வொரு பயனுக்கும் எதிரே பாலிசியின் விதி எண். சந்தேகம் வந்தால் எந்த விதியைப் பார்ப்பது என்று ஊழியருக்கு அது காட்டிவிடும்.

எச்.ஆர். பிரிவுகள் இந்தப் பத்தியைச் சேர்த்து, வரம்புகளுக்கு ஒரு மாதிரி பில் கணக்கைப் போட்டுக் காட்டி, எந்தத் தேதிவரை வந்த எண்டார்ஸ்மென்டுகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதையும் குறித்தால் மேலே சொன்ன பிழைகளில் பெரும்பகுதி நீங்கும். ஷெட்யூலையும் எண்டார்ஸ்மென்டுகளையும் அதே மின்னஞ்சலில் இணைப்பது கட்டாயம். கிளெய்ம் மறுக்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கும் தீர்வு கிடைக்காதபோது, குழு பாலிசியின் கீழ் உள்ள ஊழியரும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே அவர் மேற்கோள் காட்ட வேண்டியது பாலிசியின் வாசகத்தைத்தான்; எச்.ஆர். அனுப்பிய சுருக்கம் காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.