நீக்கச் சொன்ன வட்டம்

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் சிறிது நடந்தால் சிம் லிம் டவர் வந்துவிடும். மின்னணுப் பாகங்களைச் சில்லறையில் வாங்க சிங்கப்பூர் மாணவர்கள் நெடுங்காலமாகப் போகும் இடம் அது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அங்கிருந்து ஒரே ஒரு 7400 ஐசி வாங்கி வந்தான். பாடத்தில் கொடுத்த சார்பைக் கார்னாஃப் வரைபடத்தில் சுருக்கி, நேண்ட் கேட்டுகளால் மட்டும் கட்ட வேண்டும். கட்டிவிட்டான். கணக்கும் சரி, இணைப்பும் சரி. ஆனால் சுற்று சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை.

அவனுக்குக் கொடுத்தது ஒரு பிட்டை நினைவில் வைக்கும் லாட்ச். E என்ற அனுமதிக் கம்பி 1 ஆக இருந்தால், D-யில் வரும் மதிப்பு அப்படியே வெளியே போக வேண்டும். E 0 ஆனதும், அதுவரை இருந்த மதிப்பு q அப்படியே நிற்க வேண்டும். அதன் வரைபடம் இது:

```
           Dq
        00  01  11  10
E = 0    0   1   1   0
E = 1    0   0   1   1
```

நெடுவரிசைகள் 00, 01, 11, 10 என்று செல்வதுதான் இந்த முறையின் உயிர். ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் ஒரே ஒரு மாறிதான் மாறும். அதனால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 1-களைச் சேர்த்து வட்டமிட்டால், அவற்றுக்கிடையே மாறும் மாறி தானாக விழுந்துவிடும். பூலியன் இயற்கணித விதிகளில் எதை எப்போது பயன்படுத்துவது என்று திணறும் மாணவனுக்கு இது பெரிய விடுதலை. பெல் ஆய்வகத்தின் மாரிஸ் கார்னாஃப் 1953இல் இதை வெளியிட்டார். கணக்கைக் கண்ணால் போட வைத்தது அவருடைய சாதனை. இங்கே மேல் வரிசையில் ஒரு வட்டம், கீழ் வரிசையில் ஒரு வட்டம். விடை:

```
Q = E·D + E'·q
```

இதை நேண்டுக்கு மாற்றுவது இன்னும் எளிது. மொத்தத்தையும் இரண்டு முறை எதிர்மறை செய்தால் மதிப்பு மாறாது. உள்ளே இருக்கும் எதிர்மறை, கூட்டலைப் பெருக்கலாக்கிவிடும்:

```
Q = ((E·D)' · (E'·q)')'
```

E·D-க்கு ஒரு நேண்ட், E'·q-க்கு ஒன்று, இரண்டையும் சேர்க்க ஒன்று, E'-ஐ உண்டாக்க இரு உள்ளீடுகளையும் இணைத்த ஒன்று. ஆக நான்கு. 7400-இல் இருப்பதும் நான்கு கேட்டுகள்தான். இதையே ஆண்ட், ஆர், நாட் கொண்டு கட்டினால் 7408, 7432, 7404 என மூன்று ஐசி வேண்டும், அவற்றின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். நேண்ட் மட்டும் என்ற கட்டுப்பாடு வெறும் வகுப்பறைப் பயிற்சி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. சிமாஸ் சில்லுக்குள்ளும் இரு உள்ளீட்டு நேண்டுக்கு நான்கு டிரான்சிஸ்டர் போதும். ஆண்ட் கேட்டோ அதே நேண்டுடன் ஒரு எதிர்மறையும் சேர்ந்து ஆறு ஆகிவிடுகிறது.

அப்படியானால் பையனின் சுற்று ஏன் தடுமாறியது? E-யின் எதிர்மறை செலவில்லாமல், நேரமில்லாமல் கிடைத்துவிடும் என்று வரைபடம் எடுத்துக்கொள்கிறது. E என்றாலும் E' என்றாலும் அதற்கு ஒரே கணக்கு. நேண்டால் கட்டும்போதுதான் E' என்பது தனியாக ஒரு கேட், அதற்கென்று சுமார் 10 நானோநொடித் தாமதம் உண்டு என்பது தெரிகிறது.

D = 1, Q = 1, E = 1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது E-ஐ 0 ஆக்குகிறோம். E·D பக்கம் உடனே கையை விடுகிறது. E' இன்னும் 1 ஆகவில்லை என்பதால் E'·q பக்கம் இன்னும் பிடிக்கவில்லை. அந்தச் சிறு இடைவெளியில் Q 0-வுக்கு விழுகிறது. சாதாரணச் சுற்றாக இருந்தால் அது ஒரு நொடிப்பொழுதுச் சறுக்கல், பிறகு மீண்டுவிடும். இங்கே விழுந்த Q-வே q ஆகத் திரும்பி உள்ளே வருகிறது. பிடிக்க வேண்டிய கேட், 'பிடிக்க எதுவும் இல்லை' என்று முடிவு செய்துவிடலாம். ஒரே ஐசிக்குள் இருக்கும் நான்கு கேட்டுகளின் தாமதமும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் பிட் பிழைக்குமா, தொலையுமா என்பது ஒவ்வொரு முறையும் வேறாக முடியும். இதைத்தான் மாணவர்கள் 'லூஸ் காண்டாக்ட்' என்று நினைத்துக் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறார்கள்.

10 நானோநொடிச் சறுக்கலை மல்டிமீட்டர் காட்டாது. ஆனால் அலைக்காட்டி இல்லாமலே இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. D-ஐ நேரடியாக 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். E-ஐ ஒரு முறை 1 ஆக்கினால் Q-வில் இருக்கும் எல்இடி எரியும். அதன்பின் E-ஐ எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும், சுவிட்ச் எவ்வளவு அதிர்ந்தாலும், சரியான லாட்சில் எல்இடி அணையக் காரணமே இல்லை. E இறங்கும்போது ஒரே ஒரு முறை அணைந்தாலும் குற்றவாளி இந்த இடைவெளிதான். ஆனால் அதற்கு முன் ஐசியின் மின் கால்களுக்கிடையே 100 நானோஃபாரட் மின்தேக்கி இருக்கிறதா, எந்த உள்ளீடாவது அந்தரத்தில் தொங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 74HC வகையில் தொங்கும் உள்ளீடு எதை வேண்டுமானாலும் செய்யும்.

மருந்து அதே வரைபடத்தில் இருக்கிறது. 11 என்ற நெடுவரிசையில் மேலும் 1, கீழும் 1. இரண்டு வட்டங்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. E மாறும்போது நாம் தாண்டுவது அந்த எல்லையைத்தான். அந்த இரண்டு 1-களையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டால் D·q கிடைக்கும். அதில் E இல்லை, ஆகவே E மாறும் நேரத்தில் அது ஆடாது:

```
Q = E·D + E'·q + D·q
```

எல்லா 1-களும் ஏற்கெனவே அடங்கிவிட்டதால் இந்த வட்டம் 'மிகை', நீக்கு என்பதுதான் பாடத்தின் விதி. பையனும் நோட்டில் அதை வரைந்து, பிறகு அடித்திருந்தான். இந்த மிகை வட்டத்தை வேண்டுமென்றே சேர்த்த லாட்சுக்கு ஏர்ல் லாட்ச் என்று பெயர், 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஒருவரின் பெயரால் அமைந்தது. இப்படிப்பட்ட சறுக்கல்களைத் தவிர்க்கும் வழியை டேவிட் ஹஃப்மன் 1957இலேயே எழுதியிருக்கிறார். விலையும் உண்டு. கடைசி கேட்டுக்கு இப்போது மூன்று உள்ளீடு வேண்டும். ஒரு 7400-உடன் ஒரு 7410 சேர வேண்டியதாகிறது.

நான்கு மாறிகளுக்கு மேல் போனால் பக்கத்துக் கட்டம் எது என்பதே கண்ணுக்குக் குழம்பும், பல வெளியீடுகள் ஒரே கேட்டைப் பகிர முடியுமா என்பதும் தெரியாது என்று இந்த முறையைக் குறை சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவ்வளவு பெரிய கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எங்கே சறுக்கும் என்பதைத் துல்லியமாகக் காட்டும் ஒரு படத்தை, வட்டங்களைக் குறைப்பதற்கு மட்டும் பயன்படுத்துவதுதான். குறை வரைபடத்தில் இல்லை, அதனிடம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. எல்இடியை எரிய வைக்கும் சுற்றுக்கும், கடிகாரத் துடிப்பு வரும்போது மட்டும் வெளியீட்டைப் படிக்கும் சுற்றுக்கும் இரண்டு வட்டமே சரியான விடை. வெளியீடு தானே உள்ளே திரும்பி வரும்போதும், இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பின் கடிகாரக் கம்பிக்குப் போகும்போதும் அது தவறான விடை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். 'சுருக்குக' என்று வினா எழுதும்போது, வெளியீடு எங்கே போகிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். லாட்சுக்கு மூன்றாவது வட்டம் போட்டவனின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.