ஆட்ஸ் ரேஷியோவும் ஒரு மேனேஜரும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஃப்ரீலான்ஸாக எழுதிக்கொடுத்த என்னுடைய ரிப்போர்ட் ஒன்றைப் போன வாரம் திரும்பப் படித்தேன். ஆன்லைனில் போர்வை விற்கும் சின்ன நிறுவனம். "பார்சல் ஏன் இவ்வளவு திரும்பி வருது?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் கொடுத்தது 14 பக்கம். கணக்கு சரி, ரிப்போர்ட்தான் தப்பு. (எண்களை மாற்றியிருக்கிறேன், விகிதங்கள் கிட்டத்தட்ட அதேதான்.)

ஆறு மாத ஆர்டர்கள் 4,200. கேஷ் ஆன் டெலிவரி 2,100, அதில் 399 திரும்பியது. முன்பணம் கட்டியவை 2,100, அதில் 105 திரும்பியது. அதாவது 19 சதவீதம், 5 சதவீதம். இந்த இரண்டு எண்ணும் ஒன்பதாம் பக்க அட்டவணையில் ஒளிந்திருந்தன. முதல் பக்கத்தில் நான் போட்டது, லாஜிஸ்டிக் ரெக்ரஷன் தந்த "ஆட்ஸ் ரேஷியோ 4.46".

மேனேஜர் அதை "நாலரை மடங்கு திரும்புது" என்று படித்தார். உண்மையில் 19-ஐ 5-ஆல் வகுத்தால் 3.8 மடங்குதான். ஆட்ஸ் என்பது திரும்பியதைத் திரும்பாததால் வகுப்பது (399/1701). சதவீதம் கூடக்கூட இந்த எண் நிஜ மடங்கைவிட ஊதிக்காட்டும். அவர் தப்பாகப் படிக்கவில்லை, நான்தான் அப்படிப் படிக்க வைத்தேன்.

அடுத்த தப்பு இன்னும் பெரிது. "சார், அப்போ கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். ரிப்போர்ட்டில் பதிலே இல்லை. நிறுத்தினால் அந்த வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டுவார்களா, போய்விடுவார்களா என்று இந்த டேட்டா சொல்லாது. அந்த வரம்பை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

இன்று எழுதினால் ஒரே பக்கம்தான்:

"கேஷ் ஆன் டெலிவரியில் 100-க்கு 19 திரும்புகிறது, முன்பணத்தில் 5. ஒவ்வொன்றுக்கும் நமக்கு 110 ரூபாய் நஷ்டம். உடனே நிறுத்த வேண்டாம். ஒரு மாதம், ஒன்று விட்டு ஒரு கேஷ் ஆர்டருக்கு, அனுப்பும் முன் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். இரு பக்கமும் சுமார் 175 ஆர்டர் வரும். போன் செய்யாத பக்கம் 33 திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். போன் செய்த பக்கம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் தொடருங்கள்."

20 எப்படி வந்தது? ஒரு போனுக்கு ஆள் நேரத்தோடு 8 ரூபாய் என்றால் 175-க்கு 1,400 ரூபாய். 13 பார்சல் குறைந்தால் மிச்சம் 1,430. செலவு அங்கேதான் ஈடாகிறது. வித்தியாசம் நாலைந்துதான் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

ரெக்ரஷன் வீணில்லை. ஊர், விலை இவற்றைக் கழித்தாலும் வித்தியாசம் நிற்குதா என்று நான் பார்த்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் அதன் இடம் என் நோட்புக், அவர் மேஜை இல்லை.