பத்து நிமிடப் பக்கத்தில் எந்த வரி?

பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுது, திருத்தாதே, நிற்காதே என்று சொல்லித்தரும் புத்தகங்கள் நிறைய உண்டு. எழுதி முடித்த பக்கத்தை என்ன செய்வது என்பதில்தான் அவை சுருங்கிவிடுகின்றன. இந்த முறையின் வரலாறே ஏறக்குறைய அப்படித்தான். 1919இல் ஆந்த்ரே பிரெத்தோனும் ஃபிலிப் சூப்போவும் பாரிஸில் சேர்ந்து உட்கார்ந்து, மனத்தில் ஓடுவதை ஓடும் வேகத்திலேயே எழுதினார்கள். அடுத்த ஆண்டு அது நூலானது. அவர்களுக்குப் பொறுக்குவது என்ற பேச்சே இல்லை. கைவைத்தால் அந்த எழுத்தின் உண்மை கெட்டுவிடும் என்பது கொள்கை. 1934இல் அமெரிக்காவில் டோரத்தியா பிராண்ட் எழுதிய நூலோ, காலையில் எழுந்ததும் பேப்பர் படிக்காமல், யாரிடமும் பேசாமல் எழுதச் சொன்னது. எழுதியதை உடனே திரும்பிப் படிக்காதே என்றும் சொன்னது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நட்டாலி கோல்ட்பர்க் 1986இல் ஓரளவு வழி சொன்னார்: கொஞ்ச காலம் ஆறப்போட்டுவிட்டுப் படி, நன்றாக இருக்கும் பகுதிகளை வட்டமிடு. நல்ல யோசனைதான். ஆனால் எது நன்றாக இருக்கிறது? பெரும்பாலோர் வட்டமிடுவது தவறான வரியை.

பொறுக்கும் வேலையை முறையாக யோசித்தவர் பீட்டர் எல்போ. 1973இல் வந்த அவருடைய முதல் நூல், ஆசிரியர் இல்லாமல் எழுதக் கற்பதைப் பற்றியது. பத்து நிமிட எழுத்தைப் பரவலாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எழுதிய பக்கத்தைப் படித்து, அதன் எடை எந்த இடத்தில் விழுகிறது என்று பார், அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கு, அந்த வாக்கியத்திலிருந்து அடுத்த சுற்றைத் தொடங்கு என்றார் அவர். கட்டுரை எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கவிதைக்கு மட்டும் ஒரு சிக்கல். சுருக்கிய வாக்கியம் கருத்தாகிவிடுகிறது. 'அம்மாவின் முதுமை என்னைக் கலங்க வைக்கிறது' என்று சுருக்கிவிட்டால் அதற்கு மேல் எழுத எதுவும் மிச்சமில்லை. எல்போவின் சுற்றைக் கவிஞர் எடுத்துக்கொள்ளலாம். சுருக்குவதை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் வரியைக் கிடந்தபடியே அடுத்த தாளின் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வரி மட்டும்தான் கிடைக்கும் என்பதும் இல்லை. எலிசபெத் பிஷப் 1976இல் வெளியிட்ட 'ஒன் ஆர்ட்' கவிதையின் வரைவுகள் வாசர் கல்லூரியில் இருக்கின்றன. பதினைந்துக்கு மேல் தேறும். முதல் வரைவு கடிகாரம் வைத்து எழுதியதல்ல என்றாலும் பார்க்க நம்முடைய பத்து நிமிடப் பக்கம் போலவே இருக்கும். உரைநடை மாதிரி நீளும் வரிகள், தொலைத்த பொருள்களின் பட்டியல், முடிவாகாத தலைப்பு. படிக்கும் கண்ணாடி, பேனா என்று சில்லறையாகத் தொடங்கி வீடு, தீவு, கண்டம் என்று பெருத்து ஒரு மனிதரில் போய் நிற்கிறது. இறுதிக் கவிதையில் அந்தக் கண்ணாடியும் பேனாவும் இல்லை. அப்படியானால் அந்தக் குப்பையிலிருந்து அவர் எடுத்தது என்ன? ஒரு குரல். தொலைப்பது எப்படி என்று பாடம் நடத்தும் கறாரான குரல். கூடவே, சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும் வரிசை. இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வரும் பத்தொன்பது வரி வில்லனெல் வடிவம் அந்தக் குரலுக்கு ஏற்ற சட்டையாக அமைந்தது. பொருள்கள் மாறின, தொனி மாறவில்லை. ஆகவே பக்கத்தைப் படிக்கும்போது வரிகளோடு, 'இங்கே யார் யாரிடம் பேசுவது போல இருக்கிறது' என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். தோழி ஒருவர் பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இது முழுப் பக்கமல்ல, இடையிடையே சுருக்கியது:

'என்ன எழுத என்ன எழுத மழை வரும்போல இருக்கு வானம் பூமிக்கு எழுதும் கடிதம் மழை சரி அப்புறம், காலையில மோட்டார் போட்டு மறந்து தொட்டி வழிஞ்சு கீழ்வீட்டில் ஒரே கத்தல் தண்ணி என்ன சும்மாவா வருதுன்னு, இன்னும் காபி குடிக்கல, முன்னெல்லாம் இப்படி வழியாது அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிடுவா நிறைஞ்சிடுச்சு அணைடின்னு, நிறையும்போது சத்தம் மாறும்பா, எனக்கு ஒருநாளும் மாறிக் கேட்டதில்லை, இப்ப அவளுக்குக் காது காது காது என்ன எழுத, மிஷின் வாங்கிக் கொடுத்தோம் டப்பாவிலேயே இருக்கு, மோட்டார் போட்டா போய் குழாயில கை வச்சுக்கிட்டு நிக்கிறா என்னம்மான்னா ஏறுதா பாக்கிறேங்கிறா, முதுமை மெல்ல அணையும் விளக்கு, மணி என்ன, குழாய் சில்லுனு இருக்கும்'

தோழி முதலில் அடிக்கோடிட்டது இரண்டு வரிகளை: மழை கடிதமான வரி, முதுமை விளக்கான வரி. பக்கத்திலேயே கவிதை போலத் தெரிபவை அவைதான். ஆனால் இரண்டும் அவர் எழுதியவை அல்ல. எங்கெங்கோ படித்தது கைக்கு வந்திருக்கிறது. வேகமாக எழுதும்போது வாய்க்கு முதலில் வருவது ஊரெல்லாம் புழங்கிய உவமைதான். இன்னொரு குறையும் உண்டு. அந்த வரிகள் முடிந்துவிட்டன. 'முதுமை மெல்ல அணையும் விளக்கு' என்ற பிறகு அடுத்து என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதிலிருந்து கவிதை எழுதப்போனால் எண்ணெய், திரி, காற்று என்று உவமையை இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

பிறகு எதை எடுப்பது? நான் முதலில் பார்ப்பது தடுமாற்றத்தை. நிற்காமல் எழுத வேண்டும் என்பது விதி என்பதால், வார்த்தை வராதபோது கை கடைசிச் சொல்லையே திரும்ப எழுதும். தொடக்கத்தில் வரும் 'என்ன எழுத என்ன எழுத' வெறும் வண்டி கிளப்பும் சத்தம், அதற்கு மதிப்பில்லை. நடுவில், ஓட்டம் பிடித்த பிறகு வரும் 'காது காது காது' வேறு ரகம். அங்கே சொல்ல எதுவும் இல்லாமல் கை நிற்கவில்லை. சொல்ல மனமில்லாமல் நின்றிருக்கிறது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று வரிகளில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும். இந்தப் பக்கத்திலும் அப்படியே. முன்னால் 'எனக்கு ஒருநாளும் மாறிக் கேட்டதில்லை'. பின்னால் 'ஏறுதா பாக்கிறேன்'.

இரண்டையும் உரக்கப் படித்தால் வேறொன்றும் தெரியவரும். இவற்றில் உவமை இல்லை, உணர்ச்சிச் சொல் இல்லை. காதால் அறிந்ததை அம்மா இப்போது கையால் அறியப் பார்க்கிறாள் என்ற செய்தி மட்டும் இருக்கிறது. எழுதியவருக்கே அது அப்போது தெரியவில்லை. படிக்கும்போது 'இதை நான் எழுதினேனா' என்று கேட்க வைக்கும் வரிக்கும், 'ஆகா, நன்றாக எழுதியிருக்கிறேனே' என்று சொல்ல வைக்கும் வரிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இதுதான். முதல் வகையைத்தான் எடுக்க வேண்டும். இதற்காகவே பக்கத்தை ஓரிரு நாள் ஆறப்போடுவது நல்லது. எழுதிய சூட்டில் எல்லாமே இரண்டாம் வகையாகத் தெரியும்.

எடுத்த வரி தாங்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அதை உச்சியில் எழுதி இன்னொரு பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதுதான். 'ஏறுதா பாக்கிறேன்' என்ற வரியில் தோழி தொடங்கினார். இந்த முறை பேனா ஒரு கேள்வியைச் சுற்றியே அலைந்தது: குழாயில் கை வைத்தால் என்ன தெரியும்? அதிர்வு தெரியும், குளிர்ச்சி தெரியும், தண்ணீர் ஏறுவது தெரியும். தொட்டி நிறைந்தது மட்டும் தெரியாது. நிறைந்து வழியும்போதும் குழாய் அதே குளிர்ச்சியோடுதான் இருக்கும். அந்த இடத்தில் அவர் எழுதியது: 'காலையில மோட்டார் போட்டது நான் இல்லை'. முதல் பக்கத்தில் 'போட்டு மறந்து' என்று யார் என்பதைச் சொல்லாமல் மூடியிருந்த வினை இங்கே திறந்துகொண்டது. மோட்டாரைப் போட்டதும் அம்மா, வழிகிற நேரம் முழுக்கக் குழாயைப் பிடித்தபடி நின்றதும் அம்மா. கழித்துப் போட்ட கீழ்வீட்டுக் கத்தல் இப்போது தேவைப்பட்டுவிட்டது. முதல் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் முறை பார்க்கையில் சரக்கும் குப்பையும் சரியாகப் பிரிவதில்லை.

அமெரிக்கக் கவிஞர் ரிச்சர்ட் ஹியூகோ 1979இல் வந்த தன் கட்டுரை நூலில் கவிதைக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்றார்: எழுதத் தூண்டியது ஒன்று, எழுத எழுதப் பிறப்பது மற்றொன்று. தூண்டியதைப் பிடித்துத் தொங்குபவர்கள் இரண்டாவதை அடைவதில்லை என்பது அவர் கட்சி. தோழியின் பக்கத்தைத் தூண்டியது மழை. அது இரண்டாம் சுற்றிலேயே காணாமல் போய்விட்டது. சில வாரங்களில், பல வரைவுகள் தாண்டி வந்த கவிதை இது:

தொட்டி வழிகிறது.
கீழ்வீட்டில் கத்துகிறார்கள்.

அம்மா குழாயில் கை வைத்தபடி நிற்கிறாள்.
ஏறுதா பாக்கிறேன் என்கிறாள்.

நிறையும்போது சத்தம் மாறும் என்பாள் முன்பு.
எனக்கு ஒருநாளும்
மாறிக் கேட்டதில்லை.

பக்கத்தில் நானும் கை வைக்கிறேன்.
சில்லென்று
ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தவை இரண்டே வரிகள். 'சில்லுனு' என்ற சொல், மணி பார்த்த பிறகு கடைசி நொடிகளில் எழுதியது. அந்தக் கடைசி ஓட்டத்தில் இப்படி ஏதாவது விழுவதை நான் பல பக்கங்களில் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம்தான் என்று தெரிந்ததும் காவல் தளர்ந்துவிடும் போலிருக்கிறது. காது என்ற சொல் கவிதையில் எங்குமே வரவில்லை என்பதையும் கவனிக்கலாம். கை தடுமாறிய இடம் வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தடுமாற்றத்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அதையே விளக்கி நாலு வரி சேர்த்துவிடுவார்கள்.

எல்லாப் பக்கமும் இப்படித் தராது. பல பக்கங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக, தடுமாற்றமே இல்லாமல் ஓடியிருக்கும். மாதச் செலவு, அலுவலகப் புகார், நேற்றுப் பார்த்த படம். அவற்றை மூன்று முறை படித்தும் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் விட்டுவிடலாம். வட்டமிட்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால் மழைக் கடிதம்தான் மிஞ்சும். இரண்டாம் சுற்றும் அதே செய்தியை வேறு சொல்லில் திரும்பச் சொன்னால் அந்த வரி தாங்காது என்று அர்த்தம். நோட்டில் தேதியோடு விட்டுவைக்க வேண்டியதுதான்.

டப்பாவிலேயே கிடக்கும் காது மிஷின் விஷயத்தில் மட்டும் எனக்கும் தோழிக்கும் ஒத்துப்போகவில்லை. அது இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவின் பிடிவாதம் அதில்தான் இருக்கிறது. அது வந்தால் கவிதை காது கேளாமையைப் பற்றியதாகிவிடும், இது தண்ணீரைப் பற்றியது என்றார் அவர். டப்பாவை உச்சியில் எழுதி வேறொரு பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறாராம். இன்னும் படித்துப் பார்க்கவில்லை.