புள்ளி அழிந்த விலை

தந்தையார் விட்டுச் சென்ற இரும்புக் கடைக்கு வாரிசாகும் ஓர் அக்காளையும் தம்பியையும் பற்றிய ‘இருப்பு’ என்னும் சிறுகதை, கையெழுத்துப் படியாக நம் பார்வைக்கு வந்தது. தம் பெயரை இப்போது வெளியிட வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கதையை நாம் மூன்று முறை படித்தோம். முதல் முறை கண் கலங்கியது. மூன்றாம் முறை தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்க்க நேர்ந்தது. அந்தக் கணக்கை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரைப் பட்டணம் ஒன்றில் மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கிறது கடை. தாயார் முன்பே காலமாகிவிட்டார். வேறு வாரிசு எவரும் இல்லை. ஆகவே கடனெல்லாம் தீர்த்தது போக, மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் சேர வேண்டும். கடையைத் தம்பி நடத்துவது, மூன்றில் ஒரு பங்கின் மதிப்பை ராத்தாவுக்கு ரொக்கமாகக் கொடுப்பது என்று இருவரும் பேசி முடிக்கின்றனர். ஆனால், எதில் மூன்றில் ஒரு பங்கு? தம்பி வெளியூரில் உத்தியோகம் பார்த்தவன். ராத்தா வாழ்க்கைப்பட்டுப் போனவள். கடையில் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. தெரிந்தவர் மண்ணுக்குள் போய்விட்டார். எஞ்சியிருப்பவை பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் பதினோரு கணக்குப் புத்தகங்கள்.

ஆசிரியர் இரும்புக் கடையின் உள்ளே இருந்தவர் என்பதற்கு அடுத்து வரும் பகுதியே சான்று. கொள்முதலைக் கூட்டி விற்பனையைக் கழித்தால் இருப்பு வந்துவிடும் என்று நம்பி, உடன்பிறந்தவர்கள் மூன்று இரவு விழிக்கின்றனர். இரண்டு அங்குல ஆணி 92 கிலோ இருக்க வேண்டும் என்கிறது புத்தகம். தராசில் போட்டால் 61 கிலோதான் நிற்கிறது. கடைப் பையன்மேல் ராத்தாவுக்குச் சந்தேகம் எழுகிறது. முப்பது ஆண்டு வேலை பார்த்த முதியவர் பேசாமல் சிட்டையைப் புரட்டி, நாள்தோறும் கடைசியில் ‘சில்லறை’ என்று ஒரே வரியில் எழுதப்பட்ட தொகையைக் காட்டுகிறார். கால் கிலோ, நூறு கிராம் என்று ரொக்கத்துக்குப் போன ஆணிகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. பிறகு ஆணிப் பெட்டியின் அடியில் கையை விட்டு, உப்புக் காற்றில் துருவேறிக் கட்டியாகிப்போன ஒரு பிடியை அள்ளி மேசைமேல் வைக்கிறார். வந்ததைத்தான் புத்தகம் சொல்லும், நிற்பதைச் சொல்லாது என்று அங்கேதான் அவர்களுக்குத் தெரிகிறது. எண்ணிக்கையைக் கையால் எடுத்துக்கொண்டு, விலையை மட்டும் புத்தகத்தில் தேடுவது என்று முடிவாகிறது.

விலையோ எழுத்தில் இருக்கிறது. வாங்கிய விலை வாடிக்கைக்காரர் கண்ணில் படாதிருக்க, பத்து எழுத்துள்ள ஒரு தொடரை ஒன்று முதல் சுழி வரையிலான இலக்கங்களுக்கு ஈடாக வைத்துக்கொள்வது பழைய வணிகர் வழக்கம். எழுத்து எதுவும் இருமுறை வரக்கூடாது என்பதே அதற்கு விதி. ‘ர்ணி’ என்று குறித்த பெட்டிக்கு மொத்த வியாபாரியின் பட்டியலில் 46 ரூபாய். ‘க்டு’ என்று குறித்ததற்கு 70. நான்கு எழுத்துகள் கிடைத்துவிட்டன. அவற்றைத் தத்தம் இடத்தில் எழுதிவைத்து, நடுவிலுள்ள வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ராத்தா, தற்செயலாக வெளியே தலை நிமிர்த்துகிறாள். ‘நம்மூர் மணிக்கூண்டு’! வாப்பா நாள் முழுதும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்ததையே பூட்டாக வைத்திருக்கிறார். இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு வரிகூட அதிகமாக எழுதவில்லை என்பதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

அந்தப் பூட்டில் ஓர் ஊனம் உண்டு. ‘ம்’ என்றால் இரண்டு, ‘ம’ என்றால் ஐந்து. மை மங்கிப் புள்ளி அழிந்தால் இரண்டு ஐந்தாகிவிடும். மூன்று அங்குலக் கீல், 30 பெட்டி. குறி ‘மடு’, அதாவது 50 ரூபாய். ஆக 1,500 என்று தம்பி எழுதிவிடுகிறான். மறுநாள் சிட்டையைப் படிக்கும் ராத்தா, அதே கீலை வாப்பா ஒரு தச்சருக்குப் பெட்டி 26 ரூபாய்க்குக் கொடுத்திருப்பதைக் காண்கிறாள். “வாப்பா நட்டத்துக்கு விக்கிற ஆளா தம்பி?” என்று கேட்டு, அட்டையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடிக்கிறாள். மை போய்விட்டது, பேனா முள் அழுத்திய பள்ளம் மட்டும் இருக்கிறது. அது ‘ம்டு’, 20 ரூபாய். 1,500 என்பது 600 ஆகிறது. அவளுடைய பங்கு 500-லிருந்து 200-க்கு இறங்குகிறது. தன் பங்கைக் குறைக்கும் புள்ளியைத் தானே தேடிக் காட்டும் அந்தப் பெண்ணை நம் வாசகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆனால் முடிவைப் பற்றி நமக்கு வழக்கு உண்டு. தம்பி அட்டையை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்து, “இருக்கட்டும் ராத்தா, அம்பதாவே இருக்கட்டும்” என்கிறான். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். கதை முடிகிறது. தம்பியின் பெருந்தன்மையைக் கண்டு நாமும் நெகிழ வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். முதல் முறை நெகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கையெழுத்துப் படியின் இரண்டாம் பக்கத்துக்குப் போவோம். கடையைத் திறந்த முதல் நாளே புதுச் சரக்குக்கு எழுதும் தம்பிக்கு, அதே தயாரிப்பில், அதே அளவுக் கீல் பெட்டி 60 ரூபாய் என்று மொத்த வியாபாரியிடமிருந்து பட்டியல் வருகிறது. கடைக்காரர் கொடுத்து வாங்க வேண்டிய விலை அது. விற்கும் விலை அன்று. 20 என்பதோ வாப்பா என்றோ வாங்கிப்போட்ட நாளின் விலை. வாரிசின் உரிமை சரக்கில் இருக்கிறது. என்றோ கொடுத்த பணத்தில் இல்லை. 30 பெட்டிக்கு இன்று 1,800. மூன்றில் ஒரு பங்கு 600. தம்பி 500 கொடுத்துவிட்டுக் கொடையாளி ஆகிறான். ராத்தா நூறு ரூபாயை இழந்துவிட்டு நன்றிக் கண்ணீர் வடிக்கிறாள். இது ஒரு கீலுக்கு மட்டும். கடை முழுவதையும் பழைய குறியைப் பார்த்தே மதிப்பிட்டிருக்கிறார்கள்!

பழஞ்சரக்குக்குப் புது விலை தகுமா என்று கேட்கலாம். துருப்பிடித்த ஆணிக்குத் தகாது. கீல்களோ எண்ணெய்த் தாளில் பொதிந்து புள்ளிக் கறைகூட இல்லாமல் இருந்தன என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். இந்த நியாயம் மறுபக்கமும் வெட்டும். எவரும் கேட்காத பழைய மாதிரிச் சன்னல் கொக்கிகள் இரண்டு பெட்டி நிறையக் கிடப்பதாகக் கதையில் வருகிறது. அவற்றுக்குக் குறியிலுள்ள விலையைப் போட்டிருந்தால் நட்டம் தம்பிக்கு. இன்றைய விலை என்றால் இரண்டு பேருக்கும் இன்றைய விலைதான்.

தம்பி அறிந்தே செய்தான் என்று நாம் சொல்லவில்லை. அறிந்து செய்ததாக எழுதியிருந்தால் அது வேறொரு கதை. ஒருவேளை இதைவிடக் கடுமையான கதை. ஆசிரியரும் அறியவில்லை என்பதுதான் நம் குறை. புள்ளியைத் தேடிப் பிடித்த அந்தக் கூரிய கண், மேசை இழுப்பறையில் கிடக்கும் புதுப் பட்டியலைப் பார்க்காதா? உடன்பிறந்தாளுக்கு உரியதைக் கொடுக்கும்போது அதைத் தம் தாராளம் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லாததன்று. கதை அதைச் சுட்டிக் காட்டும் இடத்துக்கு வந்து, காட்டாமல் திரும்பிவிட்டது.

ஆசிரியருக்கு நாம் எழுதிய மறுமொழியில் ஒன்றுதான் கேட்டிருக்கிறோம். கண்ணீரை எடுத்துவிட்டு, அந்தக் கடைசிக் காட்சியில் இழுப்பறையை ராத்தா திறக்கட்டும். அறுபது ரூபாய்ப் பட்டியல் அவள் கையில் இருக்கும்போது, தம்பி என்ன சொல்கிறான் என்று எழுதி அனுப்புங்கள்.