‘கறை நல்லது’: விளம்பரத் தொடர் ஒன்றின் தமிழாக்கம்

பெங்களூரில் ஒரே வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மாறி மாறி ஒலிப்பது இயல்பு. ஒரு விளம்பரப்படம் மொழிதோறும் எத்தொடரால் முடிகிறது என ஒப்பிடும் வாய்ப்பு அந்நகரத் தமிழர்க்கு எளிதில் வாய்க்கிறது. அவ்வகையில் கருதத்தக்கது சர்ப் எக்செல் சலவைத்தூளின் ‘கறை நல்லது’ என்னும் தொடர்.

யூனிலீவர் நிறுவனம் உலகளவில் வழங்கிய ‘டர்ட் இஸ் குட்’ என்பதே இதன் மூலம். ‘டர்ட்’ மண்ணையும் அழுக்கையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் அவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்கா. ‘மண் நல்லது’ எனின் உர விளம்பரமாகும். ‘அழுக்கு நல்லது’ எனின் குளியாதிருக்கச் சொன்னதாகும். 2005இல் வந்த ‘தாக் அச்சே ஹைன்’ என்னும் இந்தித் தொடர் அழுக்கை விடுத்துக் கறையைப் பற்றியது. தமிழும் அவ்வழியே சென்றது. அழுக்கு நாள்பட மெல்லச் சேர்வது, கவனமின்மையைக் காட்டுவது. கறையோ ஒரு செயலால் ஒரு கணத்தில் படிவது. ஆதலின் ஒவ்வொரு கறைக்கும் பின்னே ஒரு கதை இருக்கக்கூடும். சேற்றில் விழுந்த தங்கைக்காகச் சிறுவன் ஒருவன் சேற்றுக்குட்டையையே அடித்துத் தண்டிக்கும் அக்காலப் படம் இவ்வேறுபாட்டின் மேலேயே நிற்கிறது. அவன் சட்டையில் அழுக்கு இல்லை, கறை இருக்கிறது.

இந்தித் தொடர் பன்மையில் அமைந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கறைகள் நல்லவை’ என வரும். இது பாடநூல் வாக்கியம். ‘கறை’ பால்பகா அஃறிணைப் பெயராதலின் ‘கள்’ விகுதி வேண்டாது பொதுமையை உணர்த்தும். ‘நல்லது’ வீட்டு மூத்தோர் நாவில் அன்றாடம் வழங்கும் சொல். ‘வெந்நீர் நல்லது’ என்பது போன்ற அறிவுரைத் தொனி அதில் உண்டு. தெலுங்கில் ‘மரக மஞ்சிதே’ எனத் தேற்றப் பொருளில் ஏகாரம் வரும். தமிழில் ‘நல்லதுதான்’ என்றிருந்தால் ‘ஆனால்’ என்ற மறுப்புக்கு இடம் பிறந்துவிடும். இடைச்சொல் இன்றி நிற்பதே தமிழ்த் தொடரின் துணிவு.

கறையைப் போற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து இறைவன் மிடற்றுக் கறையை அணியாகவும் அந்தணர் போற்றும் பொருளாகவும் காட்டுகிறது. நஞ்சுண்டு பிறரைக் காத்ததால் வந்த கறை அது. விளம்பர எழுத்தாளர் இதனை எண்ணினார் எனக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் பிறர்பொருட்டுப் படிந்த கறை பழியாகாது என்னும் எண்ணம் கேட்போர் மொழியில் முன்னரே இருந்தது.

கன்னடத்தில் கறையைக் குறிக்கும் ‘கலெ’ என்னும் சொல்லே கலையையும் குறிக்கும். வண்ணம் தீட்டி ஆடை கெடுத்த குழந்தைக்கு அது தரும் சிலேடை தமிழுக்கு எட்டாதது.

தமிழுக்கு வாய்த்தது வேறொரு பொருள். கறைபடிந்த கை என்பது நமக்கு ஊழலின் குறியீடு. படத்தில் குழந்தை இருக்கும்வரை அப்பொருள் தலைதூக்காது. படத்தினின்று பிரித்து அரசியல்வாதியின் படத்தருகே வைத்தால் ஓர் எழுத்தும் மாறாமல் அத்தொடர் அங்கதமாகிவிடும்.