மலையா, மழையா, மாலையா?

முருகன் என்னும் பெயரைச் சென்னையில் Murugan என எழுதுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கப்படி Mourougane என்றும் எழுதுவதுண்டு. பெயர் ஒன்றே, எழுத்துக்கூட்டல் இரண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பொதுமக்களிடையே ஒரே விதி கிடையாது. கைப்பேசியில் இப்படித் தட்டப்படும் கேள்விகளுக்கு விடை தரும் 'சாட்பாட்' என்னும் உரையாடும் நிரலுக்குத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் nalaiku malai varuma என்று கேட்பதாகக் கொள்வோம். malai என்பதில் முதல் a குறிலாகவோ நெடிலாகவோ இருக்கலாம். l என்பது ல, ள, ழ மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆக 2 × 3 = 6 வடிவங்கள். அவற்றுள் அன்றாட வழக்கிலுள்ளவை மலை, மழை, மாலை ஆகிய மூன்றே. எதை எடுப்பது?

இதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. அச்சொல்லை மக்கள் malai என எழுதும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று. அது 'நாளைக்கு', 'வருமா' என்பவற்றுடன் சேர்ந்து வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டின் பெருக்கற்பலன் எதற்கு மிகுதியோ அதுவே விடை. முதற்கணக்கில் மலை முந்தும். ஆனால் மலை நடந்து வருவதில்லை அல்லவா? இரண்டாவது கணக்கு மழையை வெல்லச் செய்கிறது. இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இக்கணக்கை வெளிப்படையாகப் போடுவதில்லை. எனினும் அவையும் சூழலைக் கொண்டே பொருள் கொள்கின்றன.

முதற்கணக்கிற்குச் சான்றுகள் வேண்டும். 2020இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'தட்சிணா' தொகுப்பு அவற்றைத் தருகிறது. தமிழ் உள்ளிட்ட 12 தெற்காசிய மொழிகளின் விக்கிப்பீடியா வாக்கியங்களை, மொழிக்கு 10,000 வீதம், அம்மொழி பேசுவோரைக் கொண்டே ஆங்கில எழுத்தில் எழுதச் செய்தனர். ஒரே சொல்லுக்குப் பல எழுத்துக்கூட்டல்களையும் ஏற்றுக்கொண்டது இதன் சிறப்பு.

குறை, மூலத்தில் இருக்கிறது. விக்கிப்பீடியாவின் தமிழ் எழுத்துத் தமிழ். மீனவரோ boat ku diesel potacha என்றுதான் கேட்பார். 'போட்டாகிவிட்டதா' என்பது potacha ஆகும்போது எழுத்துக்கூட்டல் மட்டுமன்று, சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. boat என்பதோ ஆங்கிலச் சொல். அதைத் தமிழ்ச் சொல்லாக எண்ணி எழுத்தெழுத்தாக மாற்றினால் 'போஅட்' என்று கெடும். எனவே இத்தொகுப்பைக் கொண்டு நடத்தும் தேர்வில் ஒரு நிரல் நல்ல மதிப்பெண் பெற்றாலும், கடற்கரைப் பேச்சு அதற்குப் புரியும் என்று கொள்ள முடியாது.

விடையை எந்த எழுத்தில் தருவது? ஆங்கில எழுத்தில் தட்டுபவர் தமிழ் படிக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டலாகாது. மேலும் 'நாளை மழை வரும்' எனத் தமிழில் விடை வந்தால், கேள்வியை நிரல் எப்படிப் புரிந்துகொண்டது என்பது உடனே தெரிந்துவிடும். nalai malai varum என்று வந்தால் மயக்கம் தீராது. எனவே, எந்த எழுத்து வேண்டும் என ஒருமுறை கேட்டுக்கொள்வதே நேர்மையான வழி.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே கேள்வியை mazhai, malai, mazai என மாற்றி மாற்றி எழுதிக் கேளுங்கள். விடையின் பொருள் மாறினால், அந்த நிரல் சூழலை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது என்று அறியலாம்.