காஃபீன் ஷாம்புவா, மினாக்ஸிடிலா?

காஃபீன் ஷாம்புவுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆதாரம் இருக்கிறது; ஆனால் அது ஷாம்புவால் முடி வளரும் என்பதற்கானது அல்ல. 2007-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், வழுக்கை விழத் தொடங்கிய ஆண்களின் மயிர்க்கால்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் சேர்த்ததும் வளர்ச்சி குன்றியது. மிகச் சிறிதளவு காஃபீன் சேர்த்ததும் மீண்டது. ஷாம்புவை இரண்டு நிமிடம் தலையில் வைத்தாலே காஃபீன் மயிர்க்கால் வழியாக உள்ளே போகிறது என்றும் பிறகு காட்டினார்கள். உள்ளே போவது ஒன்று, முடி வளர்வது வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் யாரும் உறுதியாகக் காட்டவில்லை. அதனால்தான், முடி உதிர்வைக் குறைக்க உதவும் என்ற அல்பெசின் ஷாம்புவின் விளம்பர வாசகத்தை 2018-இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஏற்க மறுத்தது.

இந்தியாவில் 210 ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றை அடிக்கடி சான்றாகக் காட்டுகிறார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் 0.2 சதவீதக் காஃபீன் கரைசல், 5 சதவீத மினாக்ஸிடிலுக்கு ஏறக்குறைய இணையாக வந்தது. ஆனால் அது தலையில் தடவி அப்படியே விட்டுவிடும் கரைசல். அலசிவிடும் ஷாம்பு அல்ல. யாருக்கு எது தரப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்தில்லாத கரைசல் தடவிய குழுவும் இல்லை. இதை வைத்து ஷாம்பு விற்பது நியாயமல்ல.

மினாக்ஸிடிலின் நிலை வேறு. ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தபோது உடலெங்கும் முடி வளர்ந்ததால் கவனம் பெற்ற மருந்து இது. 2002-இல் வெளியான ஆய்வில் 393 ஆண்கள் 48 வாரம் உச்சந்தலையில் தடவினார்கள். 5 சதவீத மருந்து தடவியவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 19 முடிகள் கூடின. மருந்தில்லாத கரைசலில் சுமார் 4. வித்தியாசம் உண்மையானது, ஆனால் இளமையின் அடர்த்தி திரும்பாது. என் தீர்ப்பு மினாக்ஸிடிலுக்கே. நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும் என்பதையும் சேர்த்தே அதைச் சொல்கிறேன்.

உச்சி மெலிந்த ஓர் ஆண் காலையும் மாலையும் ஒரு மில்லி தடவத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். ஓய்விலிருந்த பழைய முடிகளைப் புதியவை தள்ளுவதுதான் காரணம். பலர் இங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். நான்கு மாதம் கழித்து, தொடங்கும்போது அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். அரிப்பும் செதிலும் வந்தால், பெரும்பாலும் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைகாலே காரணம். அது இல்லாத நுரை வடிவம் கிடைக்கிறது. பெண்களுக்கு முகத்தில் முடி வளரலாம்.

இவை தொல்லைகள். ஆபத்து என்று கருத வேண்டியவை வேறு: படபடப்பு, நெஞ்சுவலி, தலைசுற்றல், கால் வீக்கம், திடீர் எடை கூடுதல். இவற்றில் எது வந்தாலும் தடவுவதை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். புண்ணான தலையிலோ அளவுக்கு மேலோ தடவினால் மருந்து ரத்தத்தில் அதிகம் கலக்கும். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது; கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். பெற்றோர் தடவிய மருந்து தோல் வழியாகப் பட்டு, கைக்குழந்தைகளின் உடலில் முடி அடர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. தடவிய கையைக் கழுவாமல், தலை உலராமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.